மேடைப் பேச்சிலிருந்து ஆங்கிலக் கட்டுரைக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் உ.வே.சாமிநாதையரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அதைக் கட்டுரையாக்கி ஓர் ஆங்கில இதழுக்கு அனுப்ப விரும்புகிறோம். ஒலிப்பதிவை எழுத்தில் இறக்கி வரிக்கு வரி ஆங்கிலமாக்கினேன், படிக்கவே முடியவில்லை. திருத்தி எழுதினால் அது அவர் பேச்சாக இருக்காது என்கிறார்கள் நண்பர்கள். எதுவரை கை வைக்கலாம்? ஒலிப்பதிவையும் என் மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒலிப்பதிவை முழுவதும் கேட்டேன். பேராசிரியர் நன்றாகப் பேசியிருக்கிறார், உங்கள் ஆங்கிலத்திலும் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் மேடையில் அவருடைய குரலும் இடைநிறுத்தமும் செய்து கொடுத்த வேலையைத் தாளில் செய்ய ஆள் இல்லாமற் போய்விட்டது. அந்த வேலையை எழுதுபவர்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்; நண்பர்கள் அஞ்சும் மாற்றம் அதுதான் என்றால் அதற்கு அஞ்சத் தேவையில்லை.

எழுத்தில் இறக்கிய படியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்தச் சொல் எந்த நிமிடத்தில் வந்தது என்ற குறிப்போடு அதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஐயம் எழும்போது அதுவே சான்று. ஆனால் கட்டுரையை அதைப் பார்த்து எழுதாதீர்கள். அதை மூடி வைத்துவிட்டு, பேராசிரியர் என்ன சொன்னார் என்பதைத் தமிழிலேயே பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் பேச்சு இன்னும் உங்களுக்குப் பிடிபடவில்லை என்று பொருள். மறுபடியும் கேட்க வேண்டியதுதான். இந்தப் பேச்சில் தலைவருக்கு நன்றி, அவையடக்கம், பழைய மாணவரைப் பற்றிய வேடிக்கை என்று தொடக்க நிமிடங்கள் கழிகின்றன. அவர் சொல்ல வந்த கருத்தோ முடிவுக்குச் சற்று முன்புதான் வருகிறது: ஐயர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன்பு, அந்நூலைக் கண்ணால் பார்க்காமலே ஒருவர் பெரும்புலவராக இருக்க முடிந்தது, ஐயருக்குப் பின்பு அது முடியாமற் போயிற்று, ஆகவே அவர் மாற்றியது புலமையின் அளவுகோலையே. நம் மேடை மரபில் இப்படிச் சுற்றிவந்து சேர்வதில் ஓர் அழகு உண்டு. ஆங்கிலக் கட்டுரையில் இந்தக் கருத்து இரண்டாம் பத்திக்குள் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வாசகர் காத்திருக்க மாட்டார். ஏறத்தாழ நாலாயிரம் சொற்கள் வரும் பேச்சு இப்படி ஒழுங்குபடும்போது ஆயிரத்து ஐந்நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும். கருத்து அதனால் குறைந்துவிடாது.

இனி ஒரு பகுதியை நெருங்கிப் பார்ப்போம். பேராசிரியர் பேசியது இது:

‘இப்பப் பாருங்க, ஐயர் கும்பகோணத்துல இருக்காரு. முன்சீப்பா வந்திருக்காரு சேலம் ராமசாமி முதலியார். போய்ப் பாக்குறாரு. என்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்குறாரு. இவரு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவைன்னு அடுக்குறாரு. அவரு அசையவே இல்ல. சரிங்க, சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டாரு பாருங்க! எப்படி இருந்திருக்கும் இவருக்கு?’

இதை நீங்கள் எழுவாய் தேடித் தேடி மொழிபெயர்த்திருக்கிறீர்கள். யார் கேட்டார், யார் சொன்னார் என்பது ஆங்கிலத்தில் கலங்கிவிட்டது. மேடையில் குரலை மாற்றியதாலேயே அது விளங்கியது. நான் எழுதினால் முதல் வாக்கியத்திலேயே ஆண்டையும் இடத்தையும் இரு மனிதர்களையும் நிறுத்திவிடுவேன்: 1880ஆம் ஆண்டு, கும்பகோணம், கல்லூரியில் அவ்வாண்டுதான் தமிழாசிரியரான இளைஞர், ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஆங்கில அரசின் கீழ்நிலை உரிமையியல் நீதிபதி. பேச்சில் நிகழ்காலத்தில் வந்தவை அனைத்தும் இறந்தகாலத்துக்குப் போகும். சிற்றிலக்கியப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதத் தொடங்கினால் கதை அங்கேயே நின்றுவிடும். ஆகவே இரண்டு பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அக்காலத்துப் புலவர்கள் மிகுதியாகப் பயின்ற பிற்கால நூல்வகைகள் இவை என்று ஒரே தொடரில் சொல்லிவிடலாம். மாறாக, பேராசிரியர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். சிந்தாமணி ஒரு சமணக் காப்பியம், ஐயர் சைவ மடத்துச் சூழலில் பயின்றவர் என்பது அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும்; வெளியார் ஒருவருக்கு அது தெரியாவிட்டால் பின்னால் ஐயர் சமணர்களிடம் சென்று பொருள் கேட்ட செய்தி வெறும் தகவலாகப் போய்விடும். ‘எப்படி இருந்திருக்கும் இவருக்கு?’ என்ற கடைசிக் கேள்வியை நீக்கிவிடலாம். அதற்கு ஈடாக ஐயரின் மனநிலையை நீங்களாக வருணிக்க வேண்டாம். அந்தக் கேள்வி எழுப்பிய உணர்ச்சி, பட்டியலுக்கும் சிந்தாமணி பற்றிய கேள்விக்கும் இடையில் முதலியார் காட்டிய அசைவின்மையிலேயே இருக்கிறது.

மேற்கோள் குறி பற்றியும் எச்சரிக்க வேண்டும். நம் பேச்சாளர்கள் ஒரு நிகழ்ச்சியை விவரிக்கும்போது இருவரின் உரையாடலையும் நடித்துக்காட்டுவார்கள். கேட்பவர் அதை நடிப்பாகவே எடுத்துக்கொள்வார், யாரும் அதை ஆவணமாகக் கருதுவதில்லை. நீங்களோ முதலியாரின் கேள்விகளை மேற்கோள் குறிக்குள் இட்டிருக்கிறீர்கள். அச்சில் அந்தக் குறி ஏறியவுடன், இவை முதலியார் உதிர்த்த சொற்கள் என்று உறுதி கூறுவதாக ஆகிவிடுகிறது. நாளை ஓர் ஆய்வாளர் அதை எடுத்து ஆளவும் கூடும். இந்தச் சந்திப்பை ஐயரே ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அங்குள்ள சொற்களை எடுத்து, அந்நூலிலிருந்து என்று குறிப்பிட்டு மேற்கோளாகத் தாருங்கள். அல்லது மேற்கோள் குறி இல்லாமல் அயற்கூற்றாக எழுதுங்கள். பேராசிரியரின் நடிப்பு ஐயரின் வாக்குமூலமாக மாறிவிடக் கூடாது.

கை வைக்கக் கூடாத இடமும் உண்டு. பேச்சில் ஓரிடத்தில் சிந்தாமணிப் பதிப்பின் ஆண்டை 1878 என்கிறார், இன்னோரிடத்தில் 1887 என்கிறார். பின்னதே சரி, முன்னது வாய் தவறியது. அதைத் திருத்திவிட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ‘அதுவரைக்கும் ஒரு பழைய நூலைக்கூட யாரும் அச்சுல பார்த்ததில்ல’ என்று அவர் சொல்வது வேறு வகை. அதே 1887ஆம் ஆண்டில் சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். அதற்கு முன்பே தொல்காப்பியப் பதிப்புகளும் வந்திருந்தன. மேடையில் இது மிகைக்கூற்று என்று கேட்பவரே கழித்துக்கொள்வார், ஆங்கில இதழின் பதிப்பாசிரியரோ இதைச் சுழித்துத் திருப்பி அனுப்புவார். இந்த வாக்கியத்தை அப்படியே விடவும் உங்களுக்கு உரிமை இல்லை, சத்தமில்லாமல் மாற்றவும் உரிமை இல்லை, ஏனெனில் அவருடைய வாதத்தின் ஒரு பகுதி அதன்மேல் நிற்கிறது. அவரிடமே கேளுங்கள். ‘ஐந்து காப்பியங்களில் எதுவும் அதுவரை முழுமையாக அச்சேறாததைத்தான் சொன்னேன்’ என்றோ, ‘அந்த வரியை எடுத்துவிடுங்கள்’ என்றோ அவர் சொல்லட்டும்.

வாய்மொழி வரலாறு, சாட்சியம், வட்டார வழக்கு ஆய்வு ஆகியவற்றுக்கு நான் இதுவரை சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே தயக்கமும் திக்கலும்கூடத் தரவு. சொல்லுக்குச் சொல் பதிவதே முறை. உங்கள் பேராசிரியர் கருத்துரை ஆற்றியிருக்கிறார், ஆகவே அவரிடமிருந்து வாசகருக்குப் போய்ச் சேர வேண்டியது கருத்துதான்.

எழுதி முடித்ததும் வரைவை அவருக்குக் கொடுங்கள். ஆங்கிலம் படிப்பது அவருக்குச் சிரமமாக இருந்தால், பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். ‘நான் இப்படிச் சொல்லலையே’ என்பார் சில இடங்களில். அப்போது வாதிடாமல் அந்த நிமிடத்துக்குச் சென்று ஒலிப்பதிவை இருவருமாகக் கேளுங்கள். சில இடங்களில் நீங்கள் சேர்த்தது தெரியவரும், சில இடங்களில் அவர் தம் கருத்தையே இப்போது மாற்ற விரும்புவது தெரியவரும். இரண்டாவது வகைக்கும் இடம் கொடுக்கலாம், கட்டுரை அவர் பெயரில்தானே வருகிறது. பெயருக்குக் கீழே, இன்ன ஊரில் ஆற்றிய தமிழ் உரையை அடிப்படையாகக் கொண்டு இன்னார் ஆங்கிலத்தில் எழுதி, உரையாளர் பார்த்துத் திருத்தியது என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். இதழ் அதை ஏற்கவில்லையென்றால் கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்புங்கள்.