27 வாரத்தில் அட்ரினல் கட்டி: ஆபரேஷன் எப்போது?

"மனைவிக்கு 27 வாரக் கர்ப்பம். அட்ரினலில் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி, 4 செ.மீ. லேபெட்டலால் மட்டும் தருகிறார்கள். கட்டியை இப்பவே எடுக்கணுமா, பிரசவத்துக்கு அப்புறமா?"

ஆபரேஷனை விட அந்த லேபெட்டலால் மாத்திரை சரிதானா என்பதுதான் இப்போது அவசரம். நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்ரினலின் உடலில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வழியாக வேலை செய்யும்; ஆல்ஃபா ரத்தக்குழாயை இறுக்கும், பீட்டா இதயத்தைப் படபடக்க வைக்கும். லேபெட்டலால் பெரும்பாலும் பீட்டா பக்கத்தையே தடுக்கும். கட்டி கக்கும் அட்ரினலின் வகைகள் ஆல்ஃபா வழியாக ரத்தக்குழாயை இறுக்கிக்கொண்டே இருக்க, பிரஷர் இன்னும் எகிறலாம். அதனால் முதலில் டாக்ஸசோசின் போன்ற ஆல்ஃபா மருந்து. வழக்கமாக இரவில் 1 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். சில நாள் கழித்தும் படபடப்பு இருந்தால்தான் பீட்டா.

24 வாரம் தாண்டினால் கருப்பை பெரிதாகி வயிற்றில் இடம் இருக்காது. எனவே பொதுவாகப் பிரசவம் வரை மருந்தில் ஓட்டி, சிசேரியனோடு சேர்த்தோ சில வாரம் கழித்தோ கட்டியை எடுப்பார்கள். அதற்கு முன் ஆல்ஃபா மருந்து குறைந்தது 10 முதல் 14 நாள் ஓடியிருக்கணும்.

பிரசவ வலியும் முக்கலும் கட்டியை அழுத்தி பிரஷரைத் திடீரென 250க்கு மேல்கூடத் தூக்கலாம். அதனால்தான் பெரும்பாலோர் திட்டமிட்ட சிசேரியனை விரும்புகிறார்கள். வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசியும் இதைக் கிளப்பும்; கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே 'வேண்டாம்' என்று எழுதச் சொல்லுங்கள். திடீர்த் தலைவலி, வியர்வை, வெளிறிய முகம் மூன்றும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி.