தமிழில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் சேனல் தொடங்கியிருக்கிறேன். புது வீடியோ போடும்போது டிஸ்கிரிப்ஷனிலும் கம்யூனிட்டி போஸ்டிலும் என்ன எழுதுவது?

நானும் மதுரையிலிருந்து இப்படி ஒரு சேனல் நடத்துகிறேன். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வேர்டு ஃபைலை யூனிகோடுக்கு மாற்றும் வீடியோவை வைத்தே சொல்கிறேன். சிம்மக்கல் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைக்காரர் ஒருவர் அதைப் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கிரிப்ஷனில் தொடக்க வரிகள் மட்டும்தான் விரிக்காமலே கண்ணில் படும். அங்கே வணக்கமும் சேனல் அறிமுகமும் வேண்டாம். அவருடைய தொல்லையை அப்படியே எழுதுங்கள்: “பழைய ஃபைலைத் திறந்தால் ‘அம்மா’ என்பது mk;kh என்று தெரிகிறதா? சரிசெய்வது இப்படி.” பாமினி ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. அது இல்லாத கம்ப்யூட்டரில் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். தன் திரையில் கண்ட அதே கோலத்தை இங்கேயும் கண்டால், இது நமக்கான வீடியோ என்று அவருக்கு உடனே தெரியும்.

அடுத்து, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுபவர்களுக்காக `bamini to unicode eppadi maathuvathu` என்று ஒரு வரி. ஒன்று போதும். சொற்களை வரிசையாகக் கொட்டினால் யூடியூப் விதிக்கே அது எதிரானது.

அப்புறம் நேரக்குறிப்புகள்:

```
00:00 எழுத்து ஏன் உடைகிறது
00:45 எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க
02:10 யூனிகோடுக்கு மாற்ற
05:30 நடுவில் ஆங்கிலம் இருந்தால்
```

முதல் வரி 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வரி வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 வினாடியாவது ஓட வேண்டும். ஒன்று தவறினாலும் வீடியோ பகுதிகளாகப் பிரியாது. போட்டபின் ஓடுபட்டையில் இடைவெளிகள் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசிப் பகுதியைத் தலைப்பிட்டுக் காட்டியதற்குக் காரணம் உண்டு. மொத்தத்தையும் காப்பி செய்து மாற்றினால், நடுவிலிருக்கும் ஆங்கிலப் பெயரையும் பாமினி என்று நினைத்து மாற்றி, கன்வெர்ட்டர் குப்பையாக்கிவிடும். பத்திரிகை வேலையில் அது பெரிய சேதம்.

எச்டிஎம்எல் பாடம் போடுவதாக இருந்தால் இதையும் கவனியுங்கள். டிஸ்கிரிப்ஷனில் `<` `>` குறிகளை யூடியூப் ஏற்காது. கோடு வரிகளை வேறிடத்தில் வைத்து லிங்க் கொடுங்கள்.

கம்யூனிட்டி போஸ்டில் டிஸ்கிரிப்ஷனை அப்படியே ஒட்டாதீர்கள். வீடியோ எடுப்பதற்கு முன்பே ஒரு வாக்கெடுப்பு வையுங்கள்: “உங்கள் பழைய ஃபைல் எதில் இருக்கிறது? பாமினி, வானவில், வேறு, தெரியவில்லை.” ‘தெரியவில்லை’ அதிகம் விழுந்தால், எழுத்துருவைக் கண்டுபிடிக்கும் பகுதியை நிதானமாக எடுங்கள். வீடியோ வந்த பிறகு, உடைந்த வரியும் சரியான வரியும் ஒரே படத்தில் இருக்கும்படி போட்டு, கூடவே பார்க்காதவருக்கும் பயன்படும் ஒரு படியைச் சொல்லுங்கள்: “வேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் மேலே எழுத்துருவின் பெயர் தெரியும். அதைக் கமெண்டில் எழுதுங்கள்.” வருகிற பெயர்களே அடுத்த வீடியோவுக்கான பட்டியல்.