புரோட்டீனா, கிரியேட்டினா: முதலில் எதை வாங்குவது?

கேள்வி: எனக்கு 27 வயது, எடை 70 கிலோ. நாலு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். புரோட்டீன், கிரியேட்டின், பிரீ-வொர்க்அவுட், மல்டிவைட்டமின் நாலும் வேண்டும் என்கிறார் கடைக்காரர். கையில் இரண்டாயிரம்தான் இருக்கிறது. எதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறது?

பதில்: கிரியேட்டின் வாங்குங்கள், மிச்சப் பணத்தை முட்டைக்கும் பருப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பளு தூக்குபவர்களிடம் இத்தனை வருடமாக, இத்தனை முறை சோதித்துப் பலன் தெரிந்த பவுடர் வேறு இல்லை. கனமான செட்டில் கடைசி ஒன்றிரண்டு ரெப் கூடுதலாகப் போகும், மாதக்கணக்கில் அது பலமாகச் சேரும். நீண்ட தூரம் ஓடுபவருக்கு இவ்வளவு பலன் கிடைக்காது. தினமும் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி. 3 கிராம் போட்டாலே சுமார் நாலு வாரத்தில் தசையில் கிரியேட்டின் நிரம்பிவிடும். முதல் வாரம் தினம் 20 கிராம் போடச் சொல்வார்கள். சீக்கிரம் நிரம்பும், ஆனால் சிலருக்கு வயிறு கெட்டுப்போகும், அவசியமும் இல்லை. ஆரம்பத்தில் ஒரு கிலோ எடை ஏறினால் அது தண்ணீர், கொழுப்பு இல்லை.

பிரீ-வொர்க்அவுட்டில் முக்கியமாக வேலை செய்யும் காஃபினுக்கும் ஆதாரம் ஏறக்குறைய இதே அளவு வலுவானது. ஆனால் அதற்கு பிரீ-வொர்க்அவுட் டப்பா எதற்கு? உங்கள் எடைக்கு 200 மில்லிகிராம் போதும், ஜிம்முக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஸ்ட்ராங்காக இரண்டு காபி குடித்தால் ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். சாயங்காலம் போகிறவர் என்றால் தூக்கம் கெடும், அதனால் விட்டுவிடுங்கள்.

புரோட்டீன் பவுடரை நான் சப்ளிமெண்டாகவே பார்ப்பதில்லை, அது சாப்பாடு. கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு 112 கிராம். அதற்கு மேல் போட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தசை கூடுதலாக ஏறுவதில்லை. நாலு முட்டையில் 24 கிராம், சமைத்த கோழி 150 கிராமில் சுமார் 40. இப்படி ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், தினமும் இருபது முப்பது கிராம் குறைந்தால் மட்டும் ஒரு ஸ்கூப்.

மல்டிவைட்டமின் கடைசி. பலத்துக்கும் தசைக்கும் அது உதவுவதாக நல்ல ஆதாரம் இல்லை. சைவம் என்றால் பி12 அளவைப் பரிசோதித்து, குறைந்திருந்தால் டாக்டரிடம் கேட்டு அதை மட்டும் எடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதில்தான் நிறையப் பேர் பயந்து டப்பாவைத் தூக்கிப் போடுகிறார்கள். கிரியேட்டின் உடைந்து கிரியாட்டினின் ஆகிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று டாக்டர்கள் பார்ப்பது இதை வைத்துத்தான், அதனால் ரத்தப் பரிசோதனையில் அந்த எண் கொஞ்சம் ஏறி வரலாம். சிறுநீரகம் கெட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. டாக்டரிடம் பவுடர் எடுப்பதை முதலிலேயே சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால், கிரியேட்டினால் மாறாத சிஸ்டாடின் சி பரிசோதனை செய்து பார்ப்பார். ஏற்கனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், உட்பொருளில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் மட்டும் இருக்க வேண்டும். கிரியேட்டின் எச்சிஎல் என்று விலை கூட்டி விற்கும் வகை இதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று யாரும் காட்டவில்லை. 250 கிராம் டப்பா தினம் 3 கிராம் வீதம் 83 நாள் வரும்.