பத்து சென்டிமீட்டர் வீழ்ச்சியும் பருத்த கம்பியும்

கேள்வி: மேலிருந்து தொங்கும் இரும்புக் கம்பியின் அடி முனையில் எடை விழும் கணக்கைப் போட்டால் மோதல் காரணி நூறுக்கு மேல் வருகிறது. நிஜத்தில் அப்படி நடக்குமா? கம்பியைத் தடிமனாக்கினால் சரியாகிவிடுமா?

நடக்கும், சற்றுக் குறைவாக. இரண்டாவது கேள்விக்கு விடை, எந்தப் பகுதியைத் தடிமனாக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதை நான் தெரிந்துகொண்டது ராணிப்பேட்டையில் ஒரு சிறு உலைப் பட்டறையில், ஒரே கம்பி இரண்டு முறை அறுந்த பிறகுதான்.

அங்கே உலைக் கதவை ஏற்றி இறக்க, கப்பியில் ஓடும் கம்பிக் கயிற்றின் மறுமுனையில் ஐம்பது கிலோ எதிர் எடை ஒன்று இருந்தது. அந்த எடையின் நடுத் துளை வழியாக 20 மி.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் கொண்ட சாதா எஃகுக் கம்பி ஒன்று வழிகாட்டியாகத் தொங்கியது. கம்பியின் அடி முனையில் மரை போட்டு, வளையமும் நட்டும் மாட்டியிருந்தார்கள். கதவைத் திறக்கும்போது கயிறு தளர்ந்தால், எடை கடைசிப் பத்து சென்டிமீட்டரைத் தடையில்லாமல் விழுந்து அந்த வளையத்தின் மேல் ‘டங்’கென்று உட்காரும். ஒரு ஷிஃப்டில் இப்படிப் பல முறை நடக்கும். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஐம்பது கிலோவின் எடை சுமார் 490 நியூட்டன். கம்பியின் குறுக்குப் பரப்பு 314 சதுர மி.மீ. எடையை மெதுவாக வைத்தால் கம்பியில் எழும் தகைவு 1.56 மெகாபாஸ்கல்தான், எஃகின் யங் குணகத்தை 200 ஜிகாபாஸ்கல் என்று கொண்டால் கம்பி 0.0156 மி.மீ. நீளும். இந்த நிலை நீட்சியை δ என்றும், வீழ்ச்சி உயரத்தை h என்றும் வைத்தால், மோதும்போது எழும் தகைவு இந்த நிலைத் தகைவைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் மோதல் காரணி

n = 1 + √(1 + 2h/δ)

h = 100 மி.மீ. என்று போட்டால் n = 114. தகைவு 178 மெகாபாஸ்கல். வளையத்தின் மேல் ஒரு கணம் இறங்கும் விசை 56 கிலோநியூட்டன், அதாவது ஐந்தே முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு.

இந்த 114 எங்கிருந்து வருகிறது என்பதைச் சமன்பாடு இல்லாமலும் காணலாம். எடை நூறு மி.மீ. விழுகிறது, அதை நிறுத்துவதற்குக் கம்பி கொடுக்கும் தூரமோ, அது நீளக்கூடிய 1.78 மி.மீ. மட்டும்தான். நூறு மி.மீ. தூரம் சேர்த்த வேகத்தை அவ்வளவு குறுகிய தூரத்தில் அணைக்க, சராசரியாக எடையைப் போல் 57 மடங்கு விசை வேண்டும். கம்பியின் எதிர்விசை சுழியிலிருந்து சீராக ஏறுவதால், உச்ச விசை சராசரியைப் போல் இரு மடங்கு ஆகிறது. h சுழியாக இருந்தாலும், அதாவது எடையைக் கம்பியின் மேல் தொட்ட நிலையில் வைத்துச் சட்டென்று விட்டாலும், காரணி 2 என்று வருவதற்கும் இந்தச் சீரான ஏற்றம்தான் காரணம்.

178 மெகாபாஸ்கல் என்பது சாதா எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் நெகிழ்வுத் தகைவான 250க்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் மரை போட்ட இடத்தில், மரையின் அடிப் பரப்பு 225 சதுர மி.மீ.தான். அதே 56 கிலோநியூட்டனை அதனால் வகுத்தால் 249 வருகிறது. மரையின் பள்ளத்தில் தகைவு குவிவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். சில மாதங்கள் ஓடிய பிறகு, நட்டுக்கு மேல் முதல் மரையிலேயே கம்பி அறுந்தது. உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தபோது, ஒரு பக்கம் கருத்து வழவழப்பாகவும் மறுபக்கம் மினுமினுக்கும் சொரசொரப்பாகவும் இருந்தது. வழவழப்பான பகுதி விரிசல் நாள்தோறும் சிறிது சிறிதாக ஊர்ந்த இடம். சொரசொரப்பான பகுதி கடைசி அடியில் கிழிந்த இடம். இது அலுப்பு முறிவு. ஒரே அடியில் முறிந்ததன்று.

ஃபிட்டர் அண்ணன் உடனே 40 மி.மீ. கம்பியை எடுத்தார். பழைய வளையமும் நட்டும் வீணாகக் கூடாது என்று, அடியில் இருபது சென்டிமீட்டரை மட்டும் லேத்தில் 20 மி.மீ.க்குக் கடைந்து, அதே மரையைப் போட்டார். எடையின் துளையைப் பெரிதாக்கி, கடைந்த பகுதியின் மேல் ஒரு குழல் செருகி, வளையத்தை அதன் மேல் நிறுத்தினார். “இதுல யானையே கட்டலாம் சார்” என்றார். நானும் தலையாட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது வாரமே, அதே மரையில் அறுந்தது.

அன்றிரவு வீட்டில் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. 1.8 மீட்டர் நீளத்தைப் பருமனாக்கியதால் அந்தப் பகுதி நீளவே மறுக்கிறது. மொத்த நிலை நீட்சி 0.0156 மி.மீ.யிலிருந்து 0.0051 மி.மீ.யாகக் குறைந்துவிட்டது. எடை கொண்டுவரும் ஆற்றலோ அதே 49 ஜூல். காரணி ஏறத்தாழ 200ஆக ஏறி, மெல்லிய பகுதியின் தகைவு 178இலிருந்து 311 மெகாபாஸ்கலுக்குப் போகிறது. மரையின் அடியில் இது 435. சாதா எஃகு முறிவதற்கான 410ஐயே தாண்டுகிறது. நெகிழ்வுக்கு அப்பால் இந்தச் சூத்திரம் செல்லாது என்பதால் 435 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அந்த இடம் ஒவ்வோர் அடியிலும் நிரந்தரமாக நீண்டிருக்கும் என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள். முன்பு 2 மீட்டர் கம்பி முழுவதும் சமமாகப் பகிர்ந்துகொண்டபோது பத்தில் ஒரு பங்கு ஆற்றலை வாங்கிய அடி இருபது சென்டிமீட்டர், இப்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாங்க வேண்டியதாயிற்று. நாங்கள் சேர்த்த எஃகுதான் கம்பியை அறுத்தது.

கம்பி முழுவதையும், மரை உட்பட, 40 மி.மீ. ஆக்கியிருந்தால்? காரணி 227 ஆகும். ஆனால் தகைவு 89 மெகாபாஸ்கலாகப் பாதியாகக் குறையும். மாணவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். காரணி என்பது நிலைத் தகைவை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று சொல்லும் விகிதம் மட்டுமே. அது பெரிதாக இருப்பதாலேயே கம்பி ஆபத்தில் இருக்கிறது என்று பொருளாகாது. வீழ்ச்சி உயரத்தோடு ஒப்பிட δ மிகச் சிறிதாக இருக்கும்போது தகைவு ஏறத்தாழ √(2WhE/AL) ஆகிவிடும். இதில் W எடை, E யங் குணகம், A குறுக்குப் பரப்பு, L நீளம்; வகுக்கும் இடத்தில் இருக்கும் AL கம்பியின் கன அளவு. ஆகவே சீரான கம்பியைப் பருமனாக்கினாலும் நீளமாக்கினாலும் தகைவு குறையும்; நிலைச் சுமைக் கணக்கில் நீளத்துக்கு இந்தப் பங்கு கிடையாது. ஆனால் 40 மி.மீ. கம்பியில் மேலே இருக்கும் தாங்கியை இழுக்கும் விசை பதினோரு டன்னைத் தாண்டும். கம்பி பிழைத்துத் தாங்கியின் பிணைப்பு போகும். பட்டறைக்காரர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. சூத்திரம் தாங்கி அசையாது, மோதலில் ஆற்றல் வீணாகாது, கம்பிக்கு நிறை இல்லை என்று மூன்றையும் கருதிக்கொள்கிறது. எங்கள் 20 மி.மீ. கம்பியின் நிறை ஐந்து கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கை எடையோடு சேர்த்துக் கணக்கிட்டால் தகைவு இரண்டு விழுக்காடுகூடக் குறையாது. தாங்கியின் அசைவுதான் பெரிய விஷயம். ஐம்பது கிலோவை மெதுவாக வைக்கும்போது மேலே உள்ள உத்திரம் வெறும் 0.05 மி.மீ. வளைந்தாலே, மொத்த δ நான்கு மடங்குக்கு மேலாகி, காரணி 114இலிருந்து 56ஆக இறங்கிவிடும். எனவே புத்தக எண்ணை மேல் வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் வளையத்தின் அடியில் டயல் கேஜை நிறுத்தி, எடையை மெதுவாக இறக்கிப் பாருங்கள். 0.01 மி.மீ. படிக்கும் கேஜில் முள் ஒன்றரைக் கோட்டுக்கு நகர்ந்தால் கம்பி மட்டும் நீள்கிறது. ஐந்தாறு கோடு நகர்ந்தால் மீதி தாங்கியின் வளைவு. எங்கள் தாங்கி தூணோடு பற்றவைத்த குட்டையான, கனமான தகடு. முள் இரண்டு கோட்டைத் தாண்டவில்லை.

கம்பியின் நிறை எடைக்கு நிகராகிவிட்டாலோ, கம்பியின் மறுமுனை பிணைக்கப்படாமல் இருந்தாலோ இந்த வழி கைகொடுக்காது. பாலாற்றுப் படுகையில் பாலத்துக்கு மண் சோதனை செய்யும்போது 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து நீண்ட கம்பிகளின் தலையில் விடுவார்கள். அங்கே தகைவு அலையாக ஓடுகிறது, கம்பியின் அடி மணலுக்குள் இறங்குகிறது. அதை δவைக் கொண்டு கணக்கிட்டால் தவறான விடைதான் வரும்.

எங்கள் கதவுக்கு வருவோம். மூன்றாவது முறை பழையபடி 20 மி.மீ. கம்பியையே போட்டோம், வளையத்தின் மேல் அழுத்துச் சுருள்வில் ஒன்றை நிறுத்தினோம். ஒரு மி.மீ. அமுங்கப் பத்து கிலோ கேட்கும் வில், அதாவது 100 நியூட்டன்/மி.மீ. δ இப்போது 4.92 மி.மீ.; காரணி 7.5, கம்பியின் தகைவு 12 மெகாபாஸ்கலுக்கும் கீழே. ‘டங்’ சத்தம் ‘தொப்’ என்று மாறியது.

இதிலும் ஒரு பொறி உண்டு. இந்த எடையை நிறுத்த வில் 37 மி.மீ. அமுங்க வேண்டும். சுருள்களுக்கிடையே மொத்தம் 25 மி.மீ. இடைவெளி மட்டுமே இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அந்த நொடியிலிருந்து அது வில் அன்று, வெறும் இரும்புக் குழாய். மிச்சமிருக்கும் பாதி ஆற்றல் கம்பிக்குள் போகும். தகைவு 140க்கு ஏறிவிடும். கடையில் முதலில் கொடுத்த வில் இப்படிப்பட்டதுதான். சுருள் இடைவெளிகளை வெர்னியரில் அளந்து கூட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். மாட்டிய வில்லின் இடைவெளி 48 மி.மீ. முதல் நாள் வழிகாட்டிக் கம்பியில் கிரீஸ் தடவிவிட்டு எடையை விட்டோம். அது வழித்துச் சென்ற தடம் வில்லின் மேல் முனை இருந்த இடத்திலிருந்து 33 மி.மீ. இறங்கியிருந்தது. கணக்குக்கும் அதற்கும் உள்ள 4 மி.மீ. வேறுபாட்டைத் துளையின் உராய்வு எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.