முதல் கார்: கேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46, உயரம் ஐந்தடி. லைசென்ஸ் வாங்கிவிட்டேன், ஆனால் தனியாக ஓட்டப் பயம். எங்கள் தெரு 12 அடி, வீட்டு கேட் 8 அடி. உயரமான எஸ்யூவிதான் உனக்குச் சரி என்கிறார் கணவர். எதை வாங்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. உயரமாக உட்கார்ந்தால் தூரத்துச் சாலை நன்றாகத் தெரியும். ஆனால் உயரமான பானெட்டுக்கு முன்னால் நிற்கும் குழந்தையோ நாயோ தெரியாது. உங்கள் தெருவில் பயமே அந்தப் பக்கத்தில்தானே!

முதலில் அளவு. 8 அடி கேட் என்பது சுமார் 244 செ.மீ. எஸ்யூவியான பிரெஸ்ஸாவின் அகலம் 179 செ.மீ., நேராக நுழைந்தாலே பக்கத்துக்கு 32 செ.மீ.தான் மிஞ்சும். அதிலும் கண்ணாடிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேகன்ஆர் 162 செ.மீ., பக்கத்துக்கு 41. ஆல்ட்டோ கே10 இன்னும் ஒடுக்கம், 149. ஆனால் 12 அடித் தெருவிலிருந்து யாரும் நேராக நுழைய முடியாது. வண்டி சாய்வாக வரும்போது இந்த இடைவெளி இன்னும் குறையும். அதனால் நீளமும் குட்டையாக இருக்க வேண்டும்.

என் தேர்வு வேகன்ஆர், கியரைத் தானே மாற்றும் ஏஎம்டி மாடல். ஆல்ட்டோவைவிட உயரமாக உட்காரலாம், கிளட்ச் கவலையும் கிடையாது. கியர் மாறும்போது லேசாகக் குலுங்கும், அது பழகிவிடும்.

வாங்கும் முன் ஷோரூமில் இதைச் செய்யுங்கள். கால் பெடலை முழுதாக எட்டும்படி சீட்டை நகர்த்தி உட்காருங்கள். பானெட்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வைத்து, அது உங்கள் கண்ணில் படும்வரை காரிலிருந்து விலக்கி நகர்த்திக்கொண்டே போகும்படி கணவரிடம் சொல்லுங்கள். அந்தத் தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அப்புறம் அவர் விரும்பும் எஸ்யூவியிலும் இதையே செய்யுங்கள். எது என்று டேப்பே சொல்லிவிடும். சீட் தாழ்வாகத் தோன்றினால் கெட்டியான குஷன் போதும். மெத்தென்ற தலையணை வேண்டாம், பிரேக் மிதிக்கும்போது உடம்பு வழுக்கும்.

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். பின்னால் சுவர் நெருங்க நெருங்க பீப் வேகமாகும், மிக அருகில் வந்துவிட்டால் இடைவிடாமல் ஒலிக்கும். ஆனால் ஒல்லியான கம்பியையும் தாழ்ந்த கல்லையும் அது தவறவிடலாம். திறந்த சாக்கடை அதற்குத் தெரியவே தெரியாது! அதனால் ரிவர்ஸ் கேமராவும் அவசியம், மாடலில் இல்லாவிட்டால் வெளிக்கடையில் பொருத்திக்கொள்ளலாம். கேமராவில் எல்லாம் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். திரையில் ஒரு முழம் மிச்சம் இருப்பதாகத் தோன்றும்போதே நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். 360 டிகிரி கேமராவுக்காக விலை அதிகமான மாடலுக்குப் போக வேண்டாம்.

முன்பணம் கொடுக்கும் முன், டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்டுக்குள் ஒரு தடவை ஷோரூம்காரர் ஏற்றி இறக்கட்டும், அடுத்த தடவை நீங்கள்.