கரண்ட் வந்த பிறகு டயலைத் திருகாதீர்கள்

கேள்வி: கல்முனைப் பக்கம் ஒரு சின்னக் கிளினிக்கில் வேலை செய்கிறேன். ஞாயிறு இரவு மழையோடு கரண்ட் போய்விட்டது. திங்கள் காலையில் ஃபிரிட்ஜ் 11 பாகை காட்டியது. பயந்து டயலைக் கூட்டி வைத்தேன். செவ்வாய் காலையில் 3 பாகை, எல்லாம் சரி என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் தெர்மோமீட்டரில் ஆகக் குறைந்த அளவு மைனஸ் 2 என்று இருக்கிறது. தடுப்பூசி மருந்தில் பென்டாவேலன்ட் 6 குப்பி, ஹெபடைடிஸ் பி 5, எம்.எம்.ஆர். 4 இருக்கின்றன. எல்லாவற்றையும் கழிக்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்த 15 குப்பிகளையும் ஒரு பெட்டியில் போட்டு, 'பாவிக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே தனியாக வையுங்கள். வெளியில் எடுத்து வைத்தால், தப்பியிருக்கக்கூடிய குப்பியும் கெட்டுவிடும்.

நீங்கள் பயந்தது திங்கட்கிழமைக்கு. எனக்குக் கவலை செவ்வாய்க்கிழமைதான். ஒரு இரவு 11 பாகைக்குப் போனதைக் குப்பியின் மேலுள்ள, வெப்பம் பட்டால் நிறம் மாறும் வி.வி.எம். அடையாளமே சொல்லும். வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் வெப்பத்தால் அந்தக் குப்பிக்குப் பெரிய சேதமில்லை. சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் அதைவிடக் கறுத்துவிட்டாலோ கழிக்க வேண்டியதுதான். தனியார் வழியாக வாங்கும் சில மருந்துகளில் இந்த அடையாளமே இருக்காது. அவற்றை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம்.

ஆனால் வி.வி.எம். உறைந்ததைக் காட்டாது. குப்பி கட்டியாகி உருகியிருந்தாலும் அது பளிச்சென்றுதான் இருக்கும். பென்டாவேலன்டிலும் ஹெபடைடிஸ் பியிலும் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. உறையும்போது அதன் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, மருந்தும் வீரியம் இழந்துவிடும். எம்.எம்.ஆர். தூளுக்கு உறைவதால் கேடில்லை, வி.வி.எம். நன்றாக இருந்தால் அந்த 4 குப்பியும் தப்பும். அதைக் கரைக்கும் நீர் ஃபிரிட்ஜில் இருந்திருந்தால் அம்பியூல் வெடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மற்ற 11 குப்பியில் ஏதாவது ஒன்றில் பனிக்கட்டியைக் கண்ணால் கண்டிருந்தால் சோதனையே வேண்டாம், அது கழிவு. காணாவிட்டால் குலுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதே கம்பனி, அதே லொட் இலக்கமுள்ள ஒரு குப்பியை வேண்டுமென்றே ஃபிரீசரில் இரவு முழுக்கக் கட்டியாக்கி, பிறகு உருகவிடுங்கள். சந்தேகக் குப்பியையும் இதையும் ஒரே கையில் பிடித்து 10, 15 செக்கன் குலுக்கி, மட்டமான மேசையில் அருகருகே வைத்து அரை மணி நேரம் வரை பாருங்கள். உறைய வைத்த குப்பியில் துணுக்குகள் சீக்கிரம் அடியில் படியும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் அதுவும் உறைந்ததுதான். மெதுவாகப் படிந்தால் பாவிக்கலாம். பென்டாவேலன்டுக்கு ஒன்று, ஹெபடைடிஸ் பிக்கு ஒன்று எனத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். லொட் வேறாக இருந்தால் அதற்கும் தனி. இப்படி ஒவ்வொரு குப்பியைப் பலி கொடுக்க மனமில்லை என்றால், மைனஸ் 2ஐக் கண்டதை உறைந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கழிப்பதைக் குப்பைவாளியில் போடக் கூடாது. பெயர், லொட், எண்ணிக்கை, காரணம் எழுதி, அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படையுங்கள்.

டயல் விஷயத்துக்கு வருவோம். சாதாரண ஃபிரிட்ஜில் டயலிலுள்ள 1, 2, 3 பாகையல்ல. பெரும்பாலானவற்றில் எண் கூடினால் குளிர் கூடும். கரண்ட் போய் வந்தபின் 11 காட்டுவது, ஃபிரிட்ஜ் இன்னும் குளிர்ந்து முடியவில்லை என்பதால். கதவைத் திறக்காமல் விட்டிருந்தால் பழைய டயலிலேயே சில மணி நேரத்தில் இறங்கியிருக்கும். திங்கள் காலையில் கூட்டி வைத்த டயல், ஊர் குளிர்ந்த இரவில் உள்ளே அளவுக்கு மீறிக் குளிர்த்தியிருக்கிறது.

காலையில் ஒருமுறை, மாலையில் கதவடைக்கும் முன் ஒருமுறை, 2க்கும் 8க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்து அளவை மட்டும் எழுதினால் இடையில் நடந்தது தெரியாது. ஆகக் கூடியது, ஆகக் குறைந்தது இரண்டையும் எழுதிவிட்டு தெர்மோமீட்டரை மீளமைக்க வேண்டும். நான் ஒரு கிளினிக்கில் பார்த்த கொப்பியில் ஒரு மாதம் முழுக்க ஒரே பேனாவில் 4, 4, 4. தெர்மோமீட்டர் கதவுத் தட்டில் தொங்கியது! அதை நடுத்தட்டில், குப்பிகளுக்கு இடையில் வையுங்கள். அடித்தட்டை வெறுமனே விடாமல் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பினால் கரண்ட் போனாலும் குளிர் சற்று நேரம் தாங்கும்.

இன்னொன்று. செவ்வாய் காலையில் அந்தக் குப்பிகளில் இருந்து யாருக்காவது ஊசி போட்டிருந்தால், பெயர்களையும் லொட் இலக்கத்தையும் எடுத்து இன்றே அதே பணிமனைக்குக் கொடுங்கள். சிலருக்கு அந்த ஊசியைத் திரும்பப் போட வேண்டி வரலாம்.