கலியாணத்துக்கு மொத்தமாக அறை பிடிக்கும்போது ‘விடுவிப்புத் திகதி’ என்றால் என்ன?

“ஆவணியில் திருகோணமலையில் கலியாணம். நிலாவெளி ஹோட்டல் 20 அறை தருகிறது, ஆனால் பெயர்ப்பட்டியலும் முற்பணமும் ஒரு மாதம் முன்பே வேண்டுமாம். ஏன்?”

உங்களுக்காக ஒதுக்கிய அறைகளில் உறுதிப்படுத்தாதவற்றை ஹோட்டல் மற்றவர்களுக்கு விற்கத் தொடங்கும் நாள்தான் விடுவிப்புத் திகதி. பஸ் சீட்டில் லேஞ்சி போட்டு இடம் பிடிப்பது மாதிரி. பஸ் வெளிக்கிடும்வரை ஆள் வராவிட்டால் லேஞ்சியை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஆவணியில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். சுற்றுலாக்காரரும் அதே அறைகளைத்தான் கேட்பார்கள். பூட்டிவைத்த அறை கடைசியில் காலியானால் ஹோட்டலுக்கு நட்டம்.

ஓர் உதாரணம்: 20 அறை, 2 இரவு, அறைக்கு இரவுக்கு 18,000 ரூபாய். மொத்தம் 7,20,000. முற்பணம் கால்வாசி, 1,80,000. விடுவிப்புத் திகதிக்குள் 16 அறைக்குத்தான் பெயர் சேர்ந்தது என்றால், மற்ற நான்கையும் அன்றைக்கே எழுத்தில் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் பணம் பிடிக்கமாட்டார்கள். “கனடா மாமா கட்டாயம் வருவார்” என்று இழுத்து, பிறகு விட்டால், அந்த நான்குக்கும் 1,44,000 கேட்கலாம். முற்பணம் கட்டுமுன் இதை எழுத்தில் வாங்குங்கள். பெயர் மாற்றம் பெரிய விஷயமில்லை, அறை எண்ணிக்கைதான் கணக்கு.

அப்புறம், விலையில் ‘++’ இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி.

விலை எழுதி அனுப்பிவிட்டாலே அறை நமக்கென்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் விலைதான், முற்பணம் கட்டி உறுதிக் கடிதம் வரும்வரை அறை வேறு யாருக்கும் போகலாம்.